சிவப்புப் புள்ளிகளும் வண்ணப் பட்டைகளும்: ஓர் ஆறு மதிப்பெண் விடை

இருட்டாக்கிய ஆய்வுக்கூடம். மேசைமேல் சிறிய ஹீலியம்-நியான் லேசர், அதன் முன்னால் கண்ணாடிச் சில்லு போன்ற ஒரு கீற்றணி, இரண்டு மீட்டருக்கு அப்பால் வெள்ளைச் சுவர். லேசரைப் போட்டதும் சுவரின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. அதன் இருபுறமும், நல்ல இடைவெளி விட்டு, அதே போன்ற சிவப்புப் புள்ளிகள். நடுவிலிருக்கும் இடமெல்லாம் இருட்டு. இப்போது லேசரை எடுத்துவிட்டு, மெல்லிய பிளவு வழியாக வரும் வெள்ளை விளக்கொளியை அதே கீற்றணிமேல் விழச் செய்கிறார்கள். நடுவில் வெள்ளைக் கோடு. இருபுறமும் ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வண்ணப் பட்டைகள்.

கீற்றணி மாறவில்லை, சுவர் மாறவில்லை. காட்சி மட்டும் ஏன் மாறியது? இங்கிலாந்தின் ஏ-லெவல் இயற்பியல் தேர்வில் ஆறு மதிப்பெண்ணுக்கு விரித்தெழுதச் சொல்வதற்கு மிகவும் பொருத்தமான கேள்வி இது. இவ்வகைக் கேள்விகளுக்கு அங்கே சொல்லுக்கு ஒரு மதிப்பெண் என்று டிக் போட்டு எண்ணுவதில்லை. விடை முழுவதையும் படித்து, அது எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்கிறார்கள். முதல் மட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, நடு மட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு, மேல் மட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு மதிப்பெண். சரியான செய்திகள் சிதறிக் கிடந்தால் நடு மட்டத்தில் நின்றுவிடும். ஒரு காரணம் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தால்தான் மேலே போகும்.

ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "லேசர் ஒரே நிறம் கொண்டது. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் உள்ளன. கீற்றணி நிறங்களைப் பிரித்துவிடுகிறது. அதனால் லேசருக்குப் புள்ளியும் வெள்ளை ஒளிக்கு நிறமாலையும் கிடைக்கின்றன." இதில் தவறென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு மதிப்பெண்ணைத் தாண்டுவது கடினம். கீற்றணி எப்படிப் பிரிக்கிறது, பல புள்ளிகள் ஏன் வருகின்றன, அவை ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கின்றன, நடுவிலிருப்பது ஏன் வெள்ளையாகவே நிற்கிறது என்ற நான்குக்கும் அதில் பதில் இல்லை. கண்ணால் கண்டதை அந்த விடை திருப்பிச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி கேட்டது காரணத்தை.

காரணம் கீற்றணியின் வரிகளில் இருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கிடைக்கும் ஒரு கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 300 வரிகள் இருக்கும். அப்படியென்றால் ஒரு பிளவுக்கும் அடுத்த பிளவுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் 300-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3,333 நானோமீட்டர். ஒளி ஒவ்வொரு பிளவையும் கடக்கும்போது விளிம்பு விளைவால் விரிந்து, எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. ஆகவே சுவரின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே நூற்றுக்கணக்கான பிளவுகளிலிருந்து கிளம்பிய அலைகள் வந்து சேர்கின்றன. சேர்ந்தபின் வெளிச்சமா, இருட்டா என்பதை முடிவு செய்வது அவை நடந்து வந்த தூரங்களின் வேறுபாடு.

நேராக, வளையாமல் போகும் திசையில் எல்லா அலைகளும் ஒரே தூரம் நடக்கின்றன. முகடும் முகடும் சேர்கின்றன. அங்கே வெளிச்சம். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால், ஒரு பிளவிலிருந்து வரும் அலை தன் அண்டைப் பிளவின் அலையைவிடச் சற்றே கூடுதலாக நடக்க வேண்டும். அந்தக் கூடுதல் தூரம் மிகச் சரியாக ஓர் அலைநீளம் ஆகிவிட்டால் மறுபடியும் முகடும் முகடும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு அலைநீளமானாலும் அப்படியே, மூன்றானாலும் அப்படியே. இதைத்தான் பாடப்புத்தகங்கள் d sin θ = nλ என்று சுருக்கி எழுதுகின்றன. d பிளவுகளின் இடைவெளி, λ அலைநீளம், θ திரும்பிய கோணம், n என்பது 0, 1, 2 என்று போகும் வரிசை எண்.

ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர். இதைச் சமன்பாட்டில் போட்டால், முதல் வரிசைப் புள்ளி 10.9 டிகிரி கோணத்தில் வருகிறது. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அது நடுப்புள்ளியிலிருந்து சுமார் 39 சென்டிமீட்டர் தூரம். இரண்டாம் வரிசை 22.3 டிகிரியில், சுவரில் 82 சென்டிமீட்டர் தூரத்தில் விழும். மூன்றாவது 34.7 டிகிரி, நான்காவது 49.4, ஐந்தாவது 71.7. ஆறாவதற்குக் கணக்குப் போட்டால் சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அப்படி ஒரு கோணம் கிடையாது, அப்படி ஒரு புள்ளியும் கிடையாது. லேசரில் இருப்பது நடைமுறையில் ஒரே அலைநீளம் என்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கோணம், ஒரே புள்ளி.

புள்ளிகள் எங்கே விழும் என்பது இதோடு தெரிந்துவிட்டது. பெரும்பாலான விடைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் கேள்வியில் 'கூர்மையான' என்றொரு சொல் இருக்கிறது. ஒற்றை அலைநீளம் என்பது மட்டும் கூர்மையை விளக்காது. கீற்றணியை எடுத்துவிட்டு, அதே இடைவெளி கொண்ட இரண்டே இரண்டு பிளவுகளை வைத்தாலும் வெளிச்சம் உச்சமாகும் இடங்கள் அதே இடங்கள்தாம். என்றாலும் அங்கே கூர்மையான புள்ளிகள் கிடைக்காது. 39 சென்டிமீட்டரில் உச்சத்தைத் தொட்ட வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி, 59 சென்டிமீட்டர் வாக்கில்தான் முழு இருட்டாகும். இருபது சென்டிமீட்டருக்குப் பரவிய தேய்வு அது.

கீற்றணியில் நடப்பது வேறு. லேசர்க் கற்றையின் அகலம் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், அது ஒரே நேரத்தில் 300 பிளவுகளை நனைக்கிறது. முதல் வரிசைக் கோணத்திலிருந்து மிகச் சிறிதளவு விலகுவோம்: அண்டைப் பிளவுகளுக்கிடையே பாதை வேறுபாடு ஓர் அலைநீளமாக இருந்த இடத்தில், ஓர் அலைநீளமும் அதன் 300-இல் ஒரு பங்கும் என்று ஆகட்டும். பக்கத்துப் பக்கத்துப் பிளவுகளைப் பார்த்தால் இந்த விலகல் ஒன்றுமே இல்லை. அவற்றின் அலைகள் இன்னும் ஏறக்குறைய ஒத்துத்தான் போகின்றன. ஆனால் முதல் பிளவையும் 151-ஆம் பிளவையும் எடுத்துக்கொண்டால், அந்தச் சின்னஞ்சிறு பிசகு 150 தடவை கூடிக் கூடி அரை அலைநீளமாகிவிட்டது. ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டில் விழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டாம் பிளவை 152-ஆவது அழிக்கிறது, மூன்றாவதை 153-ஆவது. இப்படியே முதல் பாதியிலுள்ள ஒவ்வொரு பிளவுக்கும் இரண்டாம் பாதியில் ஓர் எதிரி கிடைத்து, 300 பிளவுகளும் தீர்ந்துபோகின்றன. மிச்சம் இருட்டு.

இந்த இருட்டு எவ்வளவு தூரத்தில் வந்துவிடுகிறது? கோணக் கணக்கில் 0.04 டிகிரிக்கும் குறைவு. இரண்டு மீட்டர் தொலைவுச் சுவரில் அது 1.3 மில்லிமீட்டர். இரண்டு பிளவுகளுக்கு இருபது சென்டிமீட்டர் தேவைப்பட்ட தேய்வு, 300 பிளவுகளுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. புள்ளி புள்ளியாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். பிளவுகள் கூடக் கூட, கோணத்தில் ஏற்படும் சிறு பிசகைக்கூட மன்னிக்காத கருவியாகிறது கீற்றணி. இந்தப் பகுதியை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த மாணவர், மேல் மட்டத்துக்கான வாசலில் நிற்கிறார்.

இனி வெள்ளை ஒளி. புதிய இயற்பியல் எதுவும் தேவையில்லை. கீற்றணிக்கு நிறங்களைப் பிரிக்கும் தனிக் குணம் ஒன்றும் இல்லை. அது எப்போதும் போல அதே சமன்பாட்டைத்தான் செய்கிறது, ஆனால் இப்போது ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாக. ஊதாவின் ஓரத்தில் 400 நானோமீட்டர் என்று கொண்டால் முதல் வரிசை 6.9 டிகிரியில் விழும், சுவரில் 24 சென்டிமீட்டர். சிவப்பின் ஓரத்தில் 700 நானோமீட்டருக்கு அது 12.1 டிகிரி, 43 சென்டிமீட்டர். இடைப்பட்ட ஒவ்வொரு அலைநீளமும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. லேசருக்கு ஒரு புள்ளி இருந்த வரிசையில் இப்போது எண்ணற்ற கூர்மையான பிம்பங்கள், இம்மியளவு இடமும் விடாமல் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அந்த அணிவகுப்பைத்தான் கண் பத்தொன்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வண்ணப் பட்டையாகப் பார்க்கிறது. ஆக, வெள்ளை ஒளியில் கூர்மை காணாமல் போகவில்லை. ஒவ்வொரு நிறமும் கூர்மையாகவே இருப்பதால்தான் நிறங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன.

நடுவில் மட்டும் ஏன் வெள்ளை? அங்கே n பூஜ்யம், பாதை வேறுபாடும் பூஜ்யம். பூஜ்யத்தை எந்த அலைநீளத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஊதாவும் சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் உச்சமாகின்றன. சேர்ந்து வெள்ளையாகின்றன. இந்த ஒரு வரியை எழுத மறப்பவர்கள் ஏராளம். கேள்வியில் 'நிறமாலைகள்' என்று மட்டும் இருப்பதால், நிறமாலையாகாத நடுக்கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் வரிசையில் இன்னொரு சுவையான விஷயம் நடக்கிறது. அதன் ஊதா ஓரம் 49 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. முதல் வரிசைச் சிவப்பு 43-இல் முடிந்துவிட்டதால், இடையில் ஆறு சென்டிமீட்டர் போல இருண்ட இடைவெளி தெரியும். ஆனால் இரண்டாம் வரிசைச் சிவப்பு 93 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. அது முடிவதற்குள், 77 சென்டிமீட்டரிலேயே மூன்றாம் வரிசை ஊதா உள்ளே நுழைந்துவிடுகிறது. 700-இன் இரு மடங்கு 1,400, 400-இன் மும்மடங்கு 1,200. சிறியது முந்திக்கொள்கிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், நிறங்கள் கலங்கும். எந்தக் கீற்றணியை வைத்தாலும் இது மாறாது, ஏனென்றால் இந்தக் கணக்கில் d வரவே இல்லை. இதை விடையில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. எழுதினால், எழுதியவர் சமன்பாட்டை மனப்பாடம் செய்யாமல் பயன்படுத்தியிருக்கிறார் என்பது திருத்துபவருக்கு உடனே புரியும்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் நேர்கின்றன. முதலாவது, முப்பட்டகத்தின் நினைவு. கண்ணாடி முப்பட்டகத்தில் ஊதா அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக. கீற்றணியில் நேர் எதிர். அலைநீளம் கூடினால் கோணமும் கூடுவதால் சிவப்பே வெளியோரத்தில் நிற்கும். இந்த வேறுபாட்டை மனிதர்கள் கவனித்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர், பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்தபோது கண்ட விசித்திரத்துக்கு விளக்கம் கேட்டார். டேவிட் ரிட்டன்ஹவுஸ் 1785-இல் நுண்ணிய திருகுகளின் புரிகளில் தலைமுடிகளை இணையாகக் கட்டி ஒரு கீற்றணியே செய்து பார்த்தார். சிவப்பு அதிகமாகத் திரும்புவது அவருக்கே வியப்பாக இருந்தது. 1821-இல் ஜெர்மனியின் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் மெல்லிய கம்பிகளால் கீற்றணி அமைத்து, அலைநீளங்களை அளக்கும் கருவியாகவே அதை மாற்றினார். விடையில் 'ஒளிவிலகல்' என்ற சொல் நுழைந்துவிட்டால், திருத்துபவர் அதை முப்பட்டகக் குழப்பமாகத்தான் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது விளிம்பு விளைவும் குறுக்கீட்டு விளைவும்.

இரண்டாவது தவறு லேசருக்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுப்பது. "லேசர் ஓரியல் ஒளி, வெள்ளை ஒளி ஓரியல் அல்ல, அதனால்தான் புள்ளிகள் கிடைக்கவில்லை" என்று பலர் எழுதுகிறார்கள். இது உண்மையாக இருந்தால் வெள்ளை ஒளியில் குறுக்கீடே நடந்திருக்காது, நிறமாலையும் வந்திருக்காது. மெல்லிய பிளவு வழியே வந்த விளக்கொளியின் ஒவ்வோர் அலைநீளமும் கீற்றணியின் எல்லாப் பிளவுகளிலும் தன்னோடு தானே நன்றாகக் குறுக்கிடுகிறது. ஐயம் இருந்தால் சோடியம் ஆவி விளக்கை வைத்துப் பார்க்கலாம். அது லேசர் அல்ல. ஆனாலும் அதன் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய இரண்டே அலைநீளங்களில் அடங்கிவிடுவதால், கீற்றணியில் கூர்மையான மஞ்சள் கோடுகளையே தருகிறது. கூர்மைக்குக் காரணம் ஒற்றை அலைநீளமும் ஏராளமான பிளவுகளும். லேசர் அந்த ஒற்றை அலைநீளத்தை, சன்னமான இணைக் கற்றையாக, எளிதில் கொடுத்துவிடுகிறது. கற்றை வட்டமாக இருப்பதால் சுவரில் புள்ளி. விளக்கொளி நீளமான பிளவு வழியாக வருவதால் சுவரில் கோடும் பட்டையும். வடிவத்தில் தெரியும் இந்த வித்தியாசம் கீற்றணியால் வந்ததல்ல. இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு: பிளவை அகலமாகத் திறந்துவிட்டால் ஒவ்வொரு நிறத்தின் பிம்பமும் அகன்று, பக்கத்து நிறத்தின்மேல் படிந்து, பட்டை வெளிறிப்போகும். ஆய்வுக்கூடத்தில் நிறமாலை மங்கலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிளவைத்தான்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் அடங்கும் ஆறு மதிப்பெண் விடையை இப்படி எழுதலாம்:

"கீற்றணியில் மிக நெருக்கமான, சம இடைவெளி கொண்ட பல பிளவுகள் உள்ளன. ஒவ்வொரு பிளவிலும் ஒளி விளிம்பு விளைவால் விரிகிறது. விரிந்த அலைகள் ஒன்றின்மேல் ஒன்று மேற்பொருந்திக் குறுக்கிடுகின்றன. அடுத்தடுத்த பிளவுகளிலிருந்து வரும் அலைகளின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு எண் மடங்காக இருக்கும் திசைகளில் எல்லா அலைகளும் ஒத்த கட்டத்தில் சேர்ந்து, ஆக்கக் குறுக்கீட்டால் பெருமம் உண்டாகிறது. இதற்கான நிபந்தனை d sin θ = nλ. லேசர் ஒளியில் ஒரே அலைநீளம் இருப்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு கோணம் மட்டுமே உண்டு. அந்தக் கோணத்திலிருந்து சிறிதளவு விலகினாலும், பல பிளவுகளிலிருந்து வரும் அலைகள் இணை இணையாக ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எனவே பெருமங்கள் கூர்மையான புள்ளிகளாகவும் இடைப்பட்ட பகுதி இருளாகவும் தெரிகின்றன. வெள்ளை ஒளியில் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை தொடர்ச்சியான அலைநீளங்கள் உள்ளன. பூஜ்ய வரிசையில் எல்லா அலைநீளங்களுக்கும் பாதை வேறுபாடு பூஜ்யம் என்பதால் அவை ஒரே இடத்தில் சேர்ந்து, நடுப் பெருமம் வெள்ளையாக உள்ளது. மற்ற வரிசைகளில் கோணம் அலைநீளத்தைப் பொறுத்தது. ஒவ்வோர் அலைநீளமும் தனித்தனிக் கோணத்தில் பெருமத்தைத் தருவதால் பெருமம் நிறமாலையாக விரிகிறது. அலைநீளம் குறைந்த ஊதா நடுவுக்கு அருகிலும், அலைநீளம் கூடிய சிவப்பு வெளியோரத்திலும் அமைகின்றன. வரிசை எண் கூடும்போது நிறமாலை மேலும் அகலமாகிறது."

இதில் எண் கணக்கு எதுவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. எடை தாங்கும் இடம் 'எனவே', 'என்பதால்' என்ற இணைப்புகள். அவற்றை நீக்கிவிட்டு அதே வாக்கியங்களை முன்பின்னாக அடுக்கினால், ஒரு செய்தியும் குறையாமலேயே விடை நடு மட்டத்துக்கு இறங்கக்கூடும். நேரம் போதாதவர் கடைசி வாக்கியத்தை விடலாம். நடுவிலுள்ள அழிவுக் குறுக்கீட்டு வாக்கியத்தை விடக் கூடாது. கேள்வியின் 'கூர்மையான' என்ற சொல்லுக்கு அது ஒன்றுதான் பதில்.

விடையில் 'தொடர்ச்சியான அலைநீளங்கள்' என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் எல்லா ஒளியும் அப்படி இருப்பதில்லை. சூடான இழை கொண்ட பழைய குண்டு பல்பு இடைவெளியில்லாத நிறமாலையைத் தரும். இன்றைய வெள்ளை எல்இடி விளக்கின் பட்டையில் 450 நானோமீட்டர் வாக்கில் நீலம் பளிச்சென்று எழுந்து, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மங்கி, பிறகு மஞ்சள் பக்கம் மறுபடி விரிகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் நிறமாலைமானியும் கீற்றணியும் வைத்து அளந்தவர்கள் இன்னொரு விளக்கை அறிவார்கள்: பாதரச ஆவி விளக்கு. வெறும் கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளையாகத்தான் தெரியும். கீற்றணி வழியே பார்த்தால் பட்டை இல்லை. ஊதா, நீலம், 546 நானோமீட்டரில் ஒரு பச்சை, அதையடுத்து நெருங்கி நிற்கும் இரண்டு மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகள், இடையிடையே இருட்டு. மில்லிமீட்டருக்கு 300 வரிகள் கொண்ட அதே கீற்றணியில் அந்தப் பச்சைக் கோட்டின் முதல் வரிசை 9.4 டிகிரியில் நிற்கும்.